‘பாக்கி பிறகு’ என்று எழுதிய சீட்டு

‘பணம் 40000 வாங்கிக்கொண்டேன். பாக்கி பிறகு. மணி. 12/3.’

கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த அரைப் பக்கத் தாள். நீல மையில் எழுதி, கீழே ஒரு கையெழுத்து. எங்கள் தெருவில் மாடி கட்டிய ஒரு வீட்டில் ஆசாரிக்கும் வீட்டுக்காரருக்கும் நடந்த தகராறு முழுக்க இந்தத் தாளைச் சுற்றித்தான் நடந்தது. ஆசாரியின் பெயரை இங்கே மாற்றியிருக்கிறேன். சீட்டின் வாசகத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

மாடிக்குக் கதவு, ஜன்னல், அலமாரி செய்யக் கூலி மட்டும் ரூ.1,20,000 என்று பேசி முடித்திருந்தார்கள். மரமும் பிளைவுட்டும் வீட்டுக்காரர் வாங்கித் தர வேண்டும். வேலை ஆரம்பித்த அன்று 30,000, பிப்ரவரியில் 25,000, மார்ச் 12இல் 40,000 கொடுத்ததாக வீட்டுக்காரர் சொன்னார். ஆக 95,000 போய்விட்டது, இன்னும் 25,000தான் தர வேண்டும் என்பது அவர் கணக்கு.

ஆசாரியின் கணக்கு வேறு. ஆரம்பத்தில் 30,000 வாங்கியதை அவர் மறுக்கவில்லை. ஆனால் பிப்ரவரியில் வாங்கிய 25,000க்குச் சீட்டு எழுதவில்லை என்பதால், மார்ச்சில் மேலும் 15,000 வாங்கியபோது இரண்டையும் சேர்த்து ஒரே சீட்டாக 40,000 என்று எழுதிக் கொடுத்தாராம். அதிலும் 10,000 கீல், தாழ்ப்பாள், பசை, ஆணி வாங்கக் கொடுத்த பணமாம், கூலியில் சேராதாம். அப்படிப் பார்த்தால் கூலியாக வந்தது 60,000 மட்டுமே. பாக்கி இன்னும் 60,000.

இரண்டு பேருக்கும் இடையே 35,000 ரூபாய் வித்தியாசம். கணக்குப் பார்க்கத் தெரிந்தவன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சீட்டை நாலு தடவை படித்துப் பார்த்தேன். அது வீட்டுக்காரர் சொன்னதற்கும் பொருந்தியது, ஆசாரி சொன்னதற்கும் பொருந்தியது. எவர் பொய் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இருவருமே தங்கள் ஞாபகத்தை நம்பித்தான் பேசினார்கள் என்று நினைக்கிறேன். கடைசியில் வித்தியாசத்தைப் பாதியாக்கி, 42,500 கொடுத்து முடித்தார்கள். வீட்டுக்காரர் 17,500 ரூபாய் அநியாயமாகப் போனதாக நம்புகிறார். ஆசாரியும் அதே அளவு இழந்ததாக நம்புகிறார். அதற்குப் பிறகு இருவரும் டீக்கடையில் பார்த்தாலும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஐந்து நிமிஷம் செலவழித்து எழுதியிருந்தால் இந்த மனக்கசப்பே வந்திருக்காது. அந்தச் சீட்டை எப்படித் திருத்தி எழுதியிருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு வார்த்தையாகப் பார்ப்போம்.

முதலில், பணம் கொடுத்தது யார்? சீட்டில் அது இல்லவே இல்லை. இது கவனக்குறைவு மட்டுமல்ல, நம் மொழியே அதற்கு இடம் கொடுக்கிறது. ‘வாங்கிக்கொண்டேன்’ என்றால் வாங்கியவர் யார் என்பது வினைச்சொல்லிலேயே வந்துவிடுகிறது. கொடுத்தவரைச் சொல்லாமலே வாக்கியம் முழுமையாகிவிடுகிறது. எழுதுகிற நேரத்தில் எதிரே நிற்பவர் யார் என்று இருவருக்கும் தெரியும் என்பதால் எவருக்கும் குறை தெரிவதில்லை. ஆறு மாதம் கழித்து அந்தத் தாள் மட்டும்தான் பேசும். அதே ஆசாரி அதே மாதத்தில் வேறு இரண்டு வீடுகளிலும் வேலை செய்திருந்தால், இது எந்த வீட்டுப் பணம் என்று தாளால் சொல்ல முடியாது.

பெயர் எழுதினாலும் போதாது. ‘செல்வம் கொடுத்தது 40,000’ என்று எழுதுபவர்கள் உண்டு. ஒரே ஊரில் எத்தனை செல்வம்? நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஒற்றை எழுத்து இனிஷியல்தான். ஆகவே பத்திரத்தில் எழுதுவது போலத் தகப்பனார் பெயரும் தெருவும் கதவு எண்ணும் சேர வேண்டும். மனைவி தன் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தால் மனைவியின் பெயர் வர வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மகன் சார்பாக அப்பா கொடுத்தால், ‘இன்னாருக்காக, அவர் தகப்பனார் கையால்’ என்று இரண்டு பெயரும் வர வேண்டும். பணத்தைக் கையில் கொண்டுவந்து கொடுத்தவரும் பணத்துக்கு உடையவரும் வேறு வேறாக இருக்கிற இடத்தில்தான் பின்னால் அண்ணன் தம்பிக்குள்ளேயே சிக்கல் வருகிறது.

வரவு, பற்று என்ற சொற்களை இந்தச் சீட்டில் தவிர்ப்பது நல்லது. அவை யாருடைய கணக்குப் புத்தகம் என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறும் சொற்கள். எனக்கு வரவு என்றால் உங்களுக்குச் செலவு. ‘மணி வரவு 40,000’ என்று ஒரு தாளில் இருந்தால், மணிக்கு வந்ததா, மணியிடமிருந்து வந்ததா என்று வாதாடலாம். ‘இன்னாரிடமிருந்து, இன்னார் மகன் இன்னார் ஆகிய நான், பெற்றுக்கொண்டேன்’ என்ற பழைய பத்திர நடையில் அந்த இடைவெளி கிடையாது. கேட்க நீளமாக இருக்கும், ஆனால் நீளமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

அடுத்தது தொகை. இலக்கத்தில் மட்டும் எழுதினால் 1ஐ 4 ஆக்கலாம், கடைசியில் ஒரு சைபர் சேர்க்கலாம். ஆகவே எழுத்தாலும் எழுத வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தமிழில் எழுத்தால் எழுதுவதிலும் ஒரு ஓட்டை உண்டு. நம் எண்ணுப்பெயர்களில் பெரிய இலக்கம் முன்னால் வரும். ‘ஐயாயிரம்’ என்று எழுதி அதற்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் விட்டிருந்தால், அங்கே ‘இருபத்து’ என்று சேர்த்து இருபத்து ஐயாயிரம் ஆக்கிவிடலாம். இலக்கத்திலும் 5,000க்கு முன்னால் ஒரு 2 போட்டால் இரண்டும் ஒத்துப்போய்விடும். பார்ப்பவருக்குத் திருத்தமே தெரியாது. அதனால்தான் பத்திரம் எழுதுபவர்கள் ‘எழுத்தால் ரூபாய்’ என்று ஆரம்பித்து, ரூபாய் என்ற சொல்லை ஒட்டியே தொகையை எழுதி, ‘மட்டும்’ என்று முடிக்கிறார்கள். முன்பக்கம் ‘ரூபாய்’ அடைக்கிறது, பின்பக்கம் ‘மட்டும்’ அடைக்கிறது. இலக்கத்திலும் அப்படியே: ‘ரூ.’வை ஒட்டி எண், எண்ணுக்கு நடுவே காற்புள்ளி.

இலக்கத்தில் ஒன்றும் எழுத்தில் வேறொன்றும் இருந்தால் என்ன ஆகும்? புரோநோட்டு, காசோலை போன்றவற்றுக்கு எழுத்தில் உள்ளதே செல்லும் என்று மாற்றுமுறை ஆவணச் சட்டம் சொல்கிறது. சாதாரணப் பற்றுச்சீட்டுக்கு அந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது. அதற்குச் சாட்சியச் சட்டத்தின் பக்கம் போக வேண்டும். 1872ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு சின்ன உதாரணம் உண்டு. ஒருவர் குதிரையை ‘1,000 ரூபாய் அல்லது 1,500 ரூபாய்க்கு’ விற்பதாக எழுதிக் கொடுத்திருந்தால், எந்த விலை என்று காட்ட வெளியிலிருந்து சாட்சியம் கொண்டுவர முடியாது. பத்திரத்தில் இடம் காலியாக விட்டிருந்தால், அந்த இடத்தில் என்ன நிரப்புவதாக இருந்தது என்று சொல்லவும் சாட்சியம் கொண்டுவர முடியாது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இந்த விதி அதிலும் தொடர்கிறது. எழுத்தின் முகத்திலேயே குழப்பம் இருந்தால், ‘நான் நினைத்தது இதுதான்’ என்று பிறகு வந்து சொல்வது எடுபடாது என்பதுதான் இதன் சாரம். அச்சடித்த ரசீதுப் புத்தகத்தில் ‘வகை’, ‘பாக்கி’ என்று புள்ளிக்கோடு போட்டிருப்பார்கள். அவற்றை நிரப்பாமல் விடுவதும் இந்த ரகம்தான். பாக்கி இல்லை என்றால் ‘இல்லை’ என்றே எழுத வேண்டும், கோடு மட்டும் இழுப்பது போதாது.

மூன்றாவது, எதற்காகக் கொடுத்த பணம்? நம் சீட்டு விழுந்தது இங்கேதான். ‘பணம்’ என்று மட்டும் இருந்ததால் 10,000 ரூபாயைச் சாமான் கணக்கில் தள்ள முடிந்தது. ‘வேலைக்கு’ என்று எழுதியிருந்தாலும் இதே கதிதான், ஏனென்றால் கீல் வாங்குவதும் வேலைக்குத்தான். ‘கூலி’ என்று எழுதி, ‘சாமான் செலவு இதில் சேராது’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அந்த வாதமே எழுந்திருக்காது. எது சேரும் என்பதோடு எது சேராது என்பதையும் எழுதுவது நம் வீட்டுச் சீட்டுகளில் வழக்கமே இல்லை. தகராறு வருவதோ பெரும்பாலும் அந்த எல்லையில்தான்.

இதற்கு ஒப்பந்தச் சட்டத்தின் பலமும் உண்டு. ஒருவருக்கு நீங்கள் இரண்டு வகையில் பணம் தர வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் கீழ் வீட்டில் செய்த வேலைக்குப் பழைய பாக்கி 8,000, இந்த வருஷம் மாடி வேலை. பணம் கொடுக்கும்போது இது இன்ன கடனுக்கு என்று நீங்கள் சொல்லிக் கொடுத்தால், வாங்கியவர் அதற்குத்தான் வரவு வைக்க வேண்டும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 59ஆம் பிரிவு இது. நீங்கள் ஒன்றும் சொல்லாமல் கொடுத்தால், வாங்கியவர் தன் இஷ்டப்படி எந்தக் கடனுக்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். காலம் கடந்துபோய் வழக்குப் போட முடியாத பழைய கடனுக்குக்கூட வைக்கலாம் என்கிறது 60ஆம் பிரிவு. பணம் கொடுக்கிற நொடியில் மட்டுமே உங்களிடம் இருக்கும் உரிமை இது. சீட்டில் ஒரு வரியில் அதைப் பதிந்துவிட வேண்டும், மறுநாள் போய்ச் சொல்வதில் பயனில்லை.

‘அட்வான்ஸ்’ என்ற சொல்லைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். தச்சு வேலையில் அட்வான்ஸ் என்றால் கூலியில் கழியும் முன்பணம். வீட்டு வாடகையில் அட்வான்ஸ் என்றால் காலி செய்யும்போது திரும்ப வரும் பணம். கல்யாண மண்டபத்தில் அட்வான்ஸ் என்றால், தேதியை மாற்றினால் திரும்ப வராத பணம் என்று மண்டபக்காரர் சொல்வார். ஒரே சொல்லுக்கு மூன்று விதி. ஆகவே அட்வான்ஸ் என்று எழுதினால் அடுத்த வரியிலேயே, கழியுமா, திரும்புமா, எப்போது திரும்பும் என்று எழுத வேண்டும்.

இப்போது பாக்கிக்கு வருவோம். ‘பாக்கி பிறகு’ என்ற இரண்டு சொற்களில் எத்தனை குறைகள்! எவ்வளவு என்று இல்லை. யார் யாருக்குத் தர வேண்டும் என்று இல்லை. எப்போது என்று இல்லை. வேலை பாக்கியா, பணம் பாக்கியா என்றுகூடத் தெரியவில்லை. ஆனால் ‘பாக்கி 25,000’ என்று எழுதியிருந்தாலும் ஆசாரியின் வாதம் முழுவதும் அடங்கியிருக்காது, ‘அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டேன்’ என்று சொல்லியிருக்கலாம். பாக்கி என்பது ஒரு கழித்தலின் விடை. விடையை மட்டும் எழுதினால் கணக்கைச் சரிபார்க்க முடியாது. பேசிய மொத்தம், இதற்கு முன் எந்தெந்தத் தேதியில் எவ்வளவு, இன்று எவ்வளவு, ஆகக் கூட்டினால் எவ்வளவு, மொத்தத்திலிருந்து கழித்தால் எவ்வளவு என்று முழுச் சங்கிலியும் இருக்க வேண்டும். சங்கிலி முழுதாக இருந்தால் ஒரு கண்ணியை மட்டும் பிறகு மாற்ற முடியாது, மற்ற எண்கள் காட்டிக் கொடுத்துவிடும்.

பிப்ரவரியில் சீட்டில்லாமல் கொடுத்த 25,000ஐயும் இந்தச் சங்கிலி காப்பாற்றியிருக்கும். முன் தவணைக்குச் சீட்டு வாங்க மறந்துவிட்டால், அடுத்த சீட்டில் அதைத் தேதியோடு சேர்த்து எழுதிவிட்டால் போதும். கூடவே ‘இன்றைய தொகை முன் தொகைகளில் சேராதது’ என்ற வரியும் வேண்டும். அந்த ஒரு வரி இல்லாததால்தான் 40,000 என்பது தனித்தொகையா, இரண்டின் கூட்டுத்தொகையா என்ற கேள்வி வந்தது.

திருத்தி எழுதினால் சீட்டு இப்படி வரும். பெயர்களும் எண்களும் மாதிரிக்கு வைத்தவை.

‘தேதி: 12.03.2025, புதன்கிழமை. பெரிய தெரு, கதவு எண் 14இல் வசிக்கும் சண்முகம் மகன் இராஜேந்திரன் அவர்களிடமிருந்து, கீழத் தெருவில் வசிக்கும் பெருமாள் மகன் மணி ஆகிய நான், இன்று ரொக்கமாகப் பெற்றுக்கொண்டது ரூ.40,000 (எழுத்தால் ரூபாய் நாற்பதாயிரம் மட்டும்).

இது மேற்படி கதவு எண் 14 வீட்டின் மாடிக்குக் கதவு, ஜன்னல், அலமாரி செய்ய 05.01.2025இல் பேசிய மொத்தக் கூலி ரூ.1,20,000இல் மூன்றாம் தவணை. மரம், பிளைவுட், கீல், ஆணி முதலிய சாமான்களுக்கான பணம் இதில் சேரவில்லை.

இதற்கு முன் 05.01.2025இல் ரூ.30,000, 08.02.2025இல் ரூ.25,000 பெற்றுள்ளேன். இன்றைய ரூ.40,000 அந்தத் தொகைகளில் சேராதது. ஆக இன்று வரை பெற்ற கூலி ரூ.95,000 (எழுத்தால் ரூபாய் தொண்ணூற்று ஐயாயிரம் மட்டும்).

இராஜேந்திரன் எனக்கு இன்னும் தர வேண்டிய கூலி பாக்கி ரூ.25,000 (எழுத்தால் ரூபாய் இருபத்து ஐயாயிரம் மட்டும்). அலமாரி வேலை முடிந்ததும் தர வேண்டியது. பெ. மணி (கையொப்பம்).

மேற்கண்ட கணக்கைப் படித்துப் பார்த்தேன், சரி. நான் தர வேண்டிய பாக்கி ரூ.25,000. ச. இராஜேந்திரன் (கையொப்பம்).’

கடைசியில் பணம் கொடுத்தவரும் கையெழுத்துப் போட்டிருப்பதைக் கவனியுங்கள். ரசீதில் வாங்கியவர்தானே கையெழுத்துப் போட வேண்டும், கொடுத்தவர் எதற்கு என்று கேட்பார்கள். இந்த விஷயத்தில் அதிகம் பேர் தவறவிடும் இடம் இதுதான்.

ஒரு தாளில் எழுதியது பெரும்பாலும் அதில் கையெழுத்துப் போட்டவரைத்தான் கட்டும். மணி மட்டும் கையெழுத்திட்ட சீட்டில் ‘பாக்கி 25,000’ என்று இருந்தால், மணி அதற்கு மேல் கேட்க முடியாதபடி அது அவரைத் தடுக்கும். ஆனால் நாளைக்கு இராஜேந்திரன் ‘பாக்கி எதுவும் இல்லை’ என்றால், மணி தானே எழுதிய தாளைக் காட்டி அவரை மடக்க முடியாது. வீட்டுக்காரருக்குப் பாதுகாப்பு கிடைத்தது, ஆசாரிக்குக் கிடைக்கவில்லை. கையில் கைத்தொழில் மட்டுமே உள்ளவர் பலர் இப்படித்தான் கடைசித் தவணையை இழக்கிறார்கள். ஆகவே இரண்டு பிரதி எழுதி, இரண்டிலும் இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொன்று வைத்துக்கொள்ள வேண்டும். கார்பன் தாள் வைத்து எழுதினாலும் கையெழுத்து மட்டும் இரண்டிலும் பேனாவால் தனித்தனியாகப் போட வேண்டும்.

காலக்கெடு விஷயத்திலும் அந்தக் கையெழுத்துக்கு வேலை இருக்கிறது. செய்த வேலைக்கான கூலியைக் கேட்டு வழக்குப் போடப் பொதுவாக வேலை முடிந்ததிலிருந்து 3 ஆண்டு அவகாசம். அந்த 3 ஆண்டுக்குள், தர வேண்டியவர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 ஆண்டு ஓட ஆரம்பிக்கிறது. 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் தரும் சலுகை இது. வாங்க வேண்டியவரின் கையெழுத்து இதற்கு உதவாது. புரோநோட்டின் பின்பக்கம் வட்டியோ அசலோ வரவு வைக்கும்போது, கடன் வாங்கியவரிடமே கையெழுத்து வாங்கும் பழக்கம் இதனால்தான் வந்தது. கடன் கொடுத்தவர் தானே ‘500 வரவு’ என்று எழுதி வைத்துக்கொண்டால் காலம் நீளாது.

இனி ரெவின்யூ ஸ்டாம்ப். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு எழுதும் பற்றுச்சீட்டில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். அஞ்சலகத்தில் கிடைக்கும். ஒட்டியதோடு விடக்கூடாது, கையெழுத்தின் பாதி ஸ்டாம்பிலும் பாதி தாளிலும் விழும்படி குறுக்கே போட வேண்டும். ஸ்டாம்ப் செல்லாததாக்கப்படுவது அப்படித்தான், அதை உரித்து வேறெங்கும் ஒட்டவும் முடியாது. மேலே எழுதிய மாதிரியில் பாக்கியை ஒப்புக்கொள்ளும் வரியும் இருப்பதால் இரண்டு பிரதியிலும் ஒட்டிவிடுவது நல்லது.

ஸ்டாம்ப் ஒட்டாத சீட்டு வெறும் காகிதம் என்று பலர் நினைத்துப் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைப் பயன்படுத்தி மிரட்டுபவர்களும் உண்டு. 1899ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின் 35ஆம் பிரிவில் இதற்கு வழி இருக்கிறது. ஸ்டாம்ப் ஒட்டிய ரசீது தர வேண்டியவர் ஒட்டாமல் கொடுத்துவிட்டால், அதை அவருக்கு எதிராகச் சாட்சியமாக்கலாம். நீதிமன்றத்தில் அதைத் தாக்கல் செய்பவர் ஒரு ரூபாய் அபராதம் கட்டினால் போதும். ஆகவே பீரோவில் ஸ்டாம்ப் இல்லாத பழைய சீட்டு இருந்தால் எறிந்துவிட வேண்டாம். ரசீதே தொலைந்துவிட்டாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. பணம் கொடுத்ததை நேரில் பார்த்தவர் வாய்மொழியாகச் சாட்சி சொல்வதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் ஸ்டாம்ப் ஒட்டிவிட்டால் வாசகத்தின் ஓட்டை அடைபடும் என்று மட்டும் நினைக்கக்கூடாது. நம் ஆசாரியின் சீட்டில் நூறு ஸ்டாம்ப் ஒட்டியிருந்தாலும் 40,000 எதற்கு என்ற கேள்விக்கு விடை வந்திருக்காது.

எழுதும்போது செய்யும் சில தவறுகள் நல்ல வாசகத்தையும் கெடுத்துவிடும். எண்ணின் மேலேயே அழுத்தி எழுதித் திருத்துவது அதில் முதலாவது. பிழை வந்தால் ஒற்றைக் கோட்டால் அடித்து, பழைய எண் படிக்கத் தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, இருவரும் அங்கேயே சுருக்கொப்பம் இட வேண்டும். வெள்ளை மை தடவிய சீட்டை எதிராளியின் வக்கீல் முதல் பார்வையிலேயே பிடித்துக்கொள்வார். தொகையில் பிழை வந்திருந்தால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுவதே மேல். சாதாரண பால்பாயின்ட் பேனா போதும். மை பேனா ஈரம் பட்டால் கரையும், சில ஜெல் பேனாக்கள் அழித்து எழுதவென்றே செய்யப்படுகின்றன. கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவே வெற்றிடம் விடக்கூடாது. பிறகு ஒரு வரி நுழைவது அந்த இடத்தில்தான்.

படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், எழுதியவர் சத்தமாகப் படித்துக் காட்டி, ‘படித்துக் காட்டப்பட்டது, சரியென்று ஒப்புக்கொண்டு இடது பெருவிரல் ரேகை வைத்தார்’ என்று எழுத வேண்டும். பணம் கொடுத்த வீட்டைச் சேராத ஒருவர் பெயர், முகவரியோடு சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதிய கையும் பணம் கொடுத்த கையும் ஒன்றாக இருந்தால், ‘என்ன எழுதினார்கள் என்றே எனக்குத் தெரியாது’ என்ற பேச்சு வரும். கையெழுத்தானதும் இருவர் முன்னாலும் போனில் படம் எடுத்து ஒருவருக்கொருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், அன்றைக்கு அந்தத் தாளில் என்ன இருந்தது என்பதற்கு இன்னொரு சாட்சியாகும்.

யுபிஐயில் அனுப்பிவிட்டால் ரசீதே வேண்டாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். யார், யாருக்கு, எவ்வளவு, எந்த நேரத்தில் என்பதற்கு வங்கிக் கணக்கை விட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் எதற்கு, மீதி எவ்வளவு என்ற இரண்டையும் அது சொல்லாது. நம் தகராறில் கூலியா சாமானா என்ற கேள்வி யுபிஐயிலும் அப்படியே நின்றிருக்கும். கணக்குச் சங்கிலியை எழுதிக் கையெழுத்து வாங்குவது அங்கும் தேவை.

எவ்வளவு நன்றாக எழுதினாலும் ரசீது காப்பாற்ற முடியாத இடங்கள் உண்டு. ரூ.2,00,000 அல்லது அதற்கு மேல் ஒரே பேரத்துக்காக ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. தவணையாகப் பிரித்து வாங்கினாலும் பேரம் ஒன்றென்றால் தடை பொருந்தும். கைமாற்றுக் கடனுக்கும் நிலம், வீடு வாங்கக் கொடுக்கும் முன்பணத்துக்கும் அந்த எல்லை ரூ.20,000தான். வாங்கிய தொகை அளவுக்கே வாங்கியவருக்கு அபராதம் வரலாம். அங்கே துல்லியமாக எழுதிய ரசீது, பணம் கைமாறியதைக் காட்டுவதோடு விதி மீறியதையும் காட்டிக் கொடுக்கும். அந்தத் தொகைகளை வங்கி வழியாகவே கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, நடுவில் கூடும் வேலை. மாடி வீட்டில் பூஜை அலமாரி பேசிய பட்டியலில் இல்லை, பிறகு சேர்ந்தது. அதற்குத் தனித்தொகையா, பழைய கூலியிலேயே அடங்குமா என்பதை எந்த ரசீதும் தானாகச் சொல்லாது. புதிய வேலை சேரும் அன்றே அடுத்த சீட்டின் மொத்தத்தை மாற்றி, ‘பழைய மொத்தம் 1,20,000, கூடுதலாகப் பூஜை அலமாரி 8,000, புதிய மொத்தம் 1,28,000’ என்று எழுத வேண்டும்.

சென்ற மாதம் எதிர்வீட்டில் பரண் போட இதே ஆசாரி வந்திருந்தார். அந்த வீட்டு அக்கா என்னிடம் கேட்டு இந்த மாதிரிச் சீட்டை இரண்டு பிரதி எழுதி வைத்திருந்தார். ஆசாரி தாளை வாங்கி, வாசற்படியில் உட்கார்ந்து, உதடு அசைய ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

“அக்கா, பாக்கி வேலை முடிஞ்சதும்னு போட்டிருக்கீங்க. முடிஞ்சுதுன்னு யாரு சொல்றது? நான் முடிச்சுட்டேன்னு சொல்லுவேன், நீங்க பாலிஷ் சரியில்லைன்னு சொல்லுவீங்க.”

“அப்ப எப்படிப் போடலாம் அண்ணே?”

“பரண் பலகை மாட்டி, கதவு ரெண்டும் திறந்து மூடுறதைப் பார்த்த ஏழு நாளுக்குள்ளன்னு போடுங்க. பாலிஷ் இதுல சேராதுன்னும் போடுங்க. அதைத் தனியாப் பேசிக்கலாம்.”

அக்கா அந்த வரியை ஒற்றைக் கோட்டால் அடித்து, கீழே புதிதாக எழுதினார். இருவரும் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர் பணத்தை எண்ணினார்.